அம்பு பிடுங்கப் போகும் நேரம்

முதன்முதலாக வில்வித்தை வகுப்பு எடுத்த பள்ளியில் என்னிடம் எல்லாமே இருந்ததாக நினைத்தேன். எட்டு வில், நான்கு ஃபோம் பலகை, முதலுதவிப் பெட்டி, கழுத்தில் விசில். தரையில் சுண்ணாம்புப் பொடியில் நேராகக் கோடு போட்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் 32 பிள்ளைகள். நாற்பது நிமிட பீரியட் ஒன்றுதான் கையில் இருந்தது.

மூன்றாவது வாரம். ஒரு குழு எய்து முடித்து, அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. மணியடிக்க ஏழெட்டு நிமிடம்தான் இருந்தது, இன்னும் ஒரு குழு வில்லைத் தொடவே இல்லை. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடம். சட்டென்று இரண்டு விசில் கொடுத்தேன். எட்டுப் பேர் கோட்டுக்கு வந்து நின்றார்கள். அடுத்த ஒற்றை விசிலுக்காக வாயில் வைத்தேன். பின்னால் காத்திருந்த ஒரு பெண் கத்தினாள்: “டீச்சர், அங்க ஒருத்தன் இருக்கான்!”

மூன்றாவது பலகைக்குப் பின்னால், முழங்கால் உயரப் புல்லில் குத்துக்காலிட்டு ஒரு பையன் அம்பு தேடிக்கொண்டிருந்தான். பலகை அவனை முழுதாக மறைத்திருந்தது. கோட்டில் நின்றவர்களில் ஒருத்தி அதற்குள் அம்பை நாணில் கோத்துவிட்டாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு நான் தூங்கவில்லை. பையனைத் திட்ட எதுவும் இல்லை. “மூணு அம்பு கொடுத்தீங்க, ரெண்டுதான் கிடைச்சுது, அதான் டீச்சர்” என்றான். அம்பை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தேன், ஆட்களை எண்ணவில்லை. அதற்கும் கீழே இன்னொரு தவறு இருந்தது. எய்வதற்கு நேரம் ஒதுக்கியிருந்தேன், பிடுங்கப் போவதற்கு ஒதுக்கவில்லை. அதை இடைவேளை மாதிரி நினைத்திருந்தேன்.

அடுத்த பள்ளிக்கு மாறியபோது, அதே வகுப்பைப் பின்பக்கத்திலிருந்து திட்டமிட்டேன். முதலில் பிடுங்கும் நேரம், பிறகு மற்றதெல்லாம்.

எய்யும்போது எல்லோரும் ஒரே கோட்டில், ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள், வாத்தியார் கண் அவர்கள் மேல் இருக்கிறது. பிடுங்கப் போகும்போதுதான் கட்டு அவிழ்கிறது. பிள்ளைகள் வில் எய்யும் திசையில் நடந்துபோகிறார்கள். சிலர் பலகைக்கு முன்னால், சிலர் பின்னால், ஒருவர் கையில் கூர்முனை அம்புகள், பின்னால் கோட்டருகே வில்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நேரம் விளையாட்டு முடிந்த நேரம். எத்தனை மார்க் என்று பார்க்க ஓடத் தோன்றும்.

ஓடக்கூடாது என்று மட்டும் சொன்னால் மூன்று நாள் கேட்பார்கள். ஏன் என்று காட்டினால் மறக்கமாட்டார்கள். போட்டி விதிப்படி இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 130 செ.மீ. உயரம். நூற்றைம்பது செ.மீ. உயரப் பிள்ளை சற்றுக் குனிந்தால் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும். பலகையில் குத்திய அம்பின் வால் நேரே நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறது. முனைதான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் பலகையில் நிற்கும் அம்பில் முனை உள்ளே போய்விட்டது. கண்ணுக்கு எதிரே இருப்பது ‘நாக்’, அதாவது நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் வால்முனை. எதிரிலிருந்து பார்க்கும்போது அம்பு ஒரு கம்பியாகவே தெரியாது, ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ஒவ்வொருவரையும் பலகைக்கு நேர் எதிரே மூன்றடி தூரத்தில் நிற்கவைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். “அம்பே காணோம் டீச்சர், புள்ளிதான் தெரியுது.” அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு ஓடுவது ஏறக்குறைய நின்றுபோனது.

புதுப் பள்ளியில் ஹெச்.எம்.மிடம் நான் கேட்டது வில் இல்லை, நேரம். சனிக்கிழமை இரண்டு பீரியட் சேர்த்து எண்பது நிமிடம். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். மைதானத்தில் பொருள்களை வைத்து, விதிகளை ஒருமுறை சொல்லி, கடைசியில் எடுத்துவைக்க இருபது நிமிடம் போகும். மிச்சம் அறுபது. எட்டு வில்லுக்கு எட்டுப் பேர், பலகைக்கு இரண்டு பேர், ஆளுக்கு மூன்று அம்பு. ஒரு குழு எய்ததும் வில்லைத் தாங்கியில் வைத்துவிட்டுப் பின்னால் போக, அடுத்த எட்டுப் பேர் அதே வில்களை எடுத்து எய்கிறார்கள். இந்த இரண்டு குழுவும் முடிந்த பிறகே எல்லோரும் சேர்ந்து பிடுங்கப் போகிறார்கள். எய்ய இரண்டரை நிமிடம், மாற ஒரு நிமிடம், மறுபடி இரண்டரை, பிடுங்க நான்கு. பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. 32 பேரும் ஒருமுறை எய்ய இருபது நிமிடம். அறுபது நிமிடத்தில் மூன்று முறை. ஆக ஒரு பிள்ளைக்கு ஒரு சனிக்கிழமை ஒன்பது அம்பு.

“ஒன்பதுதானா?” என்றார் ஹெச்.எம். ஒன்பதுதான் சார் என்றேன். அந்த நான்கு நிமிடத்தைக் குறைத்தால் பன்னிரண்டு வரும், ஆனால் குறைக்கமாட்டேன். ஒரு சுற்றில் 48 அம்பு போகும் என்பதால் ஐந்து டஜன் வாங்கினோம், பன்னிரண்டு அம்பு கையிருப்பில். காத்திருக்கும் பதினாறு பேருக்கு ஒரு வேலை வேண்டும், இல்லையென்றால் அவர்களே அடுத்த பிரச்சினை. அகலமான எலாஸ்டிக் நாடாவை வில்போல இழுத்துப் பழகுவார்கள். நாடாவை யார் வேண்டுமானாலும் வெறுக்கலாம், ஆனால் தோள் எலும்பு பின்னால் சேர்வது எப்படி என்பதை அதுதான் சொல்லிக்கொடுக்கும்.

மைதானத்தில் இடம் பார்த்தபோது சுற்றுச்சுவர் இருக்கும் வடக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். வடக்கு பார்த்து எய்தால் காலையிலும் மாலையிலும் சூரியன் கண்ணில் அடிக்காது. சுவர் இருக்கிறதே, அதுவே தடுப்பு என்று பலர் நினைப்பார்கள். செங்கல் சுவரில் பட்ட அம்பு தெறித்துத் திரும்பும், அல்லது நொறுங்கும். சுவருக்கு முன்னால் அம்புத் தடுப்பு வலையைத் தளர்வாகத் தொங்கவிட்டோம், அடிப்பகுதி தரையில் புரளும்படி. இழுத்துக் கட்டிய வலையை அம்பு துளைத்துப் போய்விடும், தொங்கும் வலையில் வேகத்தை இழந்து விழும்.

பிறகு புல். முதல் பள்ளியில் என்னை மாட்டிவிட்டதே அந்தப் புல்தான். பலகைக்கு முன்னால் விழுந்த அம்பு, பாம்பு மாதிரி புல்லுக்கடியில் நுழைந்து போகும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் பலகைக்கு முன்னும் வலைவரைக்கும் மண் தெரியும் அளவுக்குப் புல்லை வெட்டச் சொன்னேன். அப்படியும் சிலது மறையும். பலகைகளை ஐந்து மீட்டரில் வைத்துத் தொடங்கியதும் இதற்காகத்தான். அங்கே தவறவிடுவது கடினம். பிறகு எட்டு, கடைசி வாரங்களில் பத்து. பதினெட்டு மீட்டர் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் முடியாது.

பலகையின் கால்கள் இன்னொரு விஷயம். அம்பைப் பிடுங்க இழுக்கும்போது பலகையும் கூடவே வரும். தாங்கியைத் தரையில் ஆணியடித்துக் கயிறு போட்டுக் கட்டாவிட்டால், இழுப்பவர் மேலேயே அது சாய்ந்துவிடும், அம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கமாக. பலகையைச் சற்றுப் பின்பக்கம் சாய்த்து, பின்னால் முளையடித்துக் கட்டினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே போய்ப் பலகையின் உச்சியைப் பிடித்து முன்பக்கம் இழுத்துப் பார்ப்பேன். அசைந்தால் அன்றைக்கு அந்தப் பலகை இல்லை.

சுண்ணாம்புக் கோடுகள் மூன்று. எய்யும் கோடு, அதற்குப் பின்னால் ஐந்து மீட்டரில் காத்திருக்கும் கோடு, பலகைகளுக்கு முன்னால் இரண்டு மீட்டரில் இலக்குக் கோடு. வில்தாங்கி எய்யும் கோட்டுக்கும் காத்திருக்கும் கோட்டுக்கும் நடுவில். மூன்றாவது கோட்டைப் போட்ட காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

விசில் எல்லோரும் அறிந்ததுதான். இரண்டு என்றால் கோட்டுக்கு வா, ஒன்று என்றால் எய்யத் தொடங்கு, மூன்று என்றால் பிடுங்கப் போகலாம், ஐந்து அல்லது அதற்கு மேல் விடாமல் ஊதினால் இருந்த இடத்தில் நிறுத்து. புத்தகத்தில் இது சுத்தமாக இருக்கும். எங்கள் மைதானத்தின் தெற்குப் பக்கம் கபடி நடக்கும். அங்கே ஒரு பி.டி. சார், அவருக்கும் ஒரு விசில். முதல் சனிக்கிழமையே அவர் ஊதியதைக் கேட்டு இரண்டு பையன்கள் பலகையை நோக்கி அடியெடுத்து வைத்தார்கள்.

அதிலிருந்து ஒரு விதி பிறந்தது. “போ” என்பதை நான் ஒருத்திதான் சொல்வேன், விசிலோடு வாயாலும் சொல்வேன், சிவப்புக் கொடியைக் கீழே இறக்கிச் சொல்வேன். “நில்” என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்புப் பையன் சொன்னாலும், வேடிக்கை பார்க்கும் ஆறாம் வகுப்புப் பாப்பா சொன்னாலும், கபடி விசிலே கேட்டாலும், நாணை மெதுவாகத் தளர்த்தி அம்பை எடுத்துவிட வேண்டும். காரணமில்லாமல் சொன்னாலும் திட்டு கிடையாது. முதல் பள்ளியில் அந்தப் பெண் கத்தியதால்தானே தப்பித்தோம்? அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை, அது அவள் இயல்பு. எல்லாப் பிள்ளைக்கும் அந்த இயல்பு இருக்கும் என்று நம்பி வகுப்பு நடத்த முடியாது.

விதி போட்ட இரண்டாவது வாரமே ஒரு பெண் “நில்லுங்க!” என்று கத்தினாள். எல்லோரும் நின்றார்கள். மைதானத்துக்குள் ஒரு நாய் வந்திருந்தது.

உடை விஷயத்தை நான் பெண் என்பதால்தான் சீக்கிரம் கவனித்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் பெண் பிள்ளைகள் சுடிதார் ஷாலை வி வடிவில் மடித்துப் பின் குத்துவார்கள். நாண் திரும்பும்போது அந்தத் துணியைப் பிடித்து இழுக்கும். முன்னால் விட்ட பின்னலும் அப்படியே. ஷாலைக் கழற்றி வைக்கச் சொல்வது எல்லா வீட்டுக்கும் சரிவராது, அதனால் மேலே ஒரு பழைய டி-ஷர்ட் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பின்னல் முதுகுக்குப் போகவேண்டும், காதில் தொங்கும் ஜிமிக்கி கழல வேண்டும். பையன்களிடம் பிரச்சினை செருப்பு. வெறுங்காலோடோ ரப்பர் செருப்போடோ புல்லில் அம்பு தேடப் போகக்கூடாது, விளையாட்டு ஷூ இல்லாதவர்களைப் பள்ளி ஷூவையே போட்டுவரச் சொன்னேன்.

இனி முதல் வகுப்பு. அன்றைக்கு யாருக்கும் வில் கிடையாது. பாகுபலி இரண்டாம் பாகம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தது, வந்த பாதிப் பேருக்கு ஒரே நேரத்தில் மூன்று அம்பு எய்யவேண்டும். “டீச்சர், வில்லு எங்க?” என்று கேட்டுக்கொண்டே நின்றார்கள். பிள்ளைகள் வருவதற்கு முன்பே நான் ஒவ்வொரு பலகையிலும் ஆறு அம்பு எய்து வைத்திருந்தேன், தரையில் இரண்டு, பலகைக்குப் பின்னால் ஒன்று. அன்று பாடம் முழுவதும் நடப்பது, பிடுங்குவது, எடுத்துவருவது.

நடப்பது தரையைப் பார்த்து. வழியில் விழுந்த அம்பை முதலில் எடுக்கவேண்டும், பலகைக்குப் போன பிறகு அதை யாரும் மிதித்துவிடாமல் இருக்க. இலக்குக் கோட்டுக்கு வந்ததும் எல்லோரும் நிற்க, ஒரு பலகைக்கு இரண்டு பேர் மட்டும் முன்னேறுவார்கள், இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். நேரெதிரே யாரும் இல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் இழுப்பார். தன் பக்கத்து ஓரத்து அம்பில் தொடங்கவேண்டும், நடு அம்பை எட்டிப் பிடிக்கப் போனால் ஓரத்து அம்பின் வால் முகத்துக்கு நேரே வரும். ஒரு உள்ளங்கையை அம்புக்கு அருகே பலகையில் பதித்து, இன்னொரு கையால் அம்பைப் பலகையை ஒட்டிப் பிடித்து, சற்றுத் திருகிக்கொண்டே நேராக இழுக்கவேண்டும். வாலருகே பிடித்து இழுத்தால் தண்டு வளையும்.

இழுப்பதற்கு முன் பின்னால் திரும்பிப் பார்ப்பது. மூன்றாவது கோடு இதற்குத்தான். பலகையில் இறுகி நின்ற அம்பு ஒருகட்டத்தில் சட்டென்று விடுபடும். அம்பு முக்கால் மீட்டர் நீளம் இருக்கும், அதைப் பிடித்த கை வேறு பின்னால் போகும். முழங்கையும் வால்முனையும் பின்னால் நிற்பவர் வயிற்றுக்கோ முகத்துக்கோ போகும் தூரம் ஒன்றரை மீட்டருக்குக் குறையாது. அதனால்தான் இரண்டு மீட்டர்.

வெயிலில் ஃபோம் இளகி அம்பில் ஒட்டிக்கொள்ளும். மதியத்தில் ஒரு பையன் இரண்டு கையாலும் தொங்கியும் வரவில்லை. பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி அம்பைச் சுற்றிப் பிடித்தால் வழுக்காது. உலர்ந்த குளியல் சோப்பை அம்பின் முன்பகுதியில் தேய்த்துவிட்டால் அடுத்த முறை சுலபமாக வரும். இந்த இரண்டும் என் பெட்டியில் எப்போதும் உண்டு.

எடுத்த அம்புகளை முனை கீழாக, ஒரு கையால் முனைகளை மூடி, மறு கையால் தண்டுகளைப் பிடித்து நடக்கவேண்டும். தடுக்கி விழுந்தால் முனை உள்ளங்கைக்குள் இருக்கும். திரும்பியதும் ஒவ்வொரு கார்பன் அம்பையும் காதருகே லேசாக வளைத்து, சற்றுத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். ‘கிரக்’ என்று சத்தம் வந்தாலோ தண்டில் கீறல் தெரிந்தாலோ அது என் வாளிக்குள் போகும். உள்ளே விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது உடைந்து, அதன் சிம்பு வில் பிடித்த கையில் ஏறும். வாளிக்கு அனுப்பியவருக்கு அபராதம் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன், இல்லையென்றால் ஒருவரும் அனுப்பமாட்டார்கள்.

காணாமல் போன அம்பு பற்றியும் அதையேதான் சொன்னேன். முதல் பள்ளியில் அந்தப் பையன் பலகைக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் மூன்றாவது அம்புக்கு நான் பதில் கேட்பேன் என்ற பயம். இங்கே அம்பு என் பொறுப்பு. கிடைக்கவில்லையென்றால் “ஒண்ணு இல்ல டீச்சர்” என்று சொன்னால் போதும். தேடவேண்டுமானால் தேடுபவர் முதலில் பலகையின் முகத்தில் ஒரு சிவப்புத் துணியை மாட்டிவிட்டுத்தான் பின்னால் போகவேண்டும், கோட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியும். துணி இருக்கும்வரை யார் கையிலும் வில் வராது. எல்லோருக்கும் கடைசியில் பலகைகளைச் சுற்றி வந்து பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து இடம்விட்டு வருபவர், முறைவைத்து ஒரு மாணவர். அவர் காத்திருக்கும் கோட்டுக்கு வந்து கையைத் தூக்கிய பிறகு நான் தலைகளை எண்ணுவேன். முப்பத்திரண்டு என்றால்தான் வாயில் விசில். முதல் வாரத்தில் அது இரண்டு நிமிடத்தைத் தின்றது. நான்காவது வாரத்தில் அரை நிமிடம். அந்த மிச்சத்தில் ஒரு கூடுதல் அம்பு கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

மூன்று விசிலுக்கு முன்னால் நான் செய்வதும் ஒன்று உண்டு. எல்லா வில்லும் தாங்கியில், எல்லோரும் காத்திருக்கும் கோட்டில். நான் தாங்கியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, எட்டு வில்லையும் தொட்டு எண்ணுவேன். கண்ணால் எண்ணினால் ஒன்பது என்றும் வரும், ஏழு என்றும் வரும்.

வில்லின் பலத்தைப் பற்றிச் சுருக்கமாக. 18 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோ சொச்சம் இழுவையுள்ள வில்கள். அதற்கு மேல் போனால் இந்த வயதில் முதுகால் இழுக்காமல் தோளைத் தூக்கிக்கொண்டு இழுப்பார்கள். அம்பு வில்லைவிட்டு உள்ளே நழுவிவிடாத நீளம் வேண்டும், இரு கையையும் முன்னால் நீட்டி அம்பை மார்புக்கும் விரல் நுனிக்கும் நடுவே வைத்து, அதற்கு மேலும் இரண்டங்குலம் மிஞ்சுவதாகத் தேர்வுசெய்தோம். அம்பில்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது என்பதை மட்டும் ஆறு வாரமும் சொல்லவேண்டியிருந்தது. கையில் வில் வந்தால் இழுத்துப் பார்க்காமல் இருக்க எந்தப் பிள்ளைக்கும் முடியாது போல.

எதற்கும் ஒரு காகிதத்தில் எழுதி வில்தாங்கியில் ஒட்டியிருந்தேன்: உடம்பில் அம்பு குத்தி நின்றால் பிடுங்கவேண்டாம், அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடவும். பலகையில் இருப்பதைப் பிடுங்கத்தானே ஆறு வாரம் பழக்குகிறோம், அந்தக் கை தானாகப் போய்விடும் என்று எனக்குப் பயம்.

ஆறாவது சனிக்கிழமை பத்து மீட்டரில் எய்தார்கள். பெரும்பாலான அம்பு நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே விழுந்தது. ஒரு பெண்ணுக்கு மட்டும் மஞ்சளில் இரண்டு. முதல் வகுப்பில் “வில்லு எங்க?” என்று கேட்டவளேதான் அவள். மூன்று விசிலுக்குப் பிறகு அவள் ஓடவில்லை, வேகமாக நடந்தாள், அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது.

நான்கைந்து மாதம் கழித்து, வலைக்கு அந்தப் பக்கம் புல் வெட்டிய அண்ணன் முனை துருப்பிடித்த மூன்று அம்புகளைக் கொண்டுவந்தார். “டீச்சர், இது உங்க அம்பா?” என்று முனை என் பக்கமாக நீட்டினார். பக்கத்தில் நின்ற எட்டாம் வகுப்புப் பையன் அவர் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே தாழ்த்தி, “முனையை மூடிப் பிடிங்கண்ணே” என்றான். மூன்றில் ஒன்று வளைத்தபோது கிரக் என்றது. வாளிக்குப் போனது. மற்ற இரண்டையும் சாக்குத் துணியில் துடைத்து வைத்துக்கொண்டேன், இப்போது கையிருப்பு பதினொன்று.